பசுவா, தொட்டியா?

பெரியம்மா வீட்டு சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால், விபூதித் தட்டுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் ரொம்ப நாள் இருந்தது. இன்வெர்ட்டர் மாட்டிய அன்று நான் எழுதிக் கொடுத்த தாள். அதில் இருந்தது இதுதான்: "பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர், சி-டென். டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சார்ஜிங் கரண்ட் 15 ஆம்பியர். இன்வெர்ட்டர் ஒரு கே.வி.ஏ., பவர் ஃபேக்டர் 0.8."

எல்லாம் சரியான விவரம். பெரியம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு முறை பார்த்து, கொண்டுபோய் சாமி முன்னால் வைத்துவிட்டார். படிக்க முடியாத மந்திரத்துக்கு வேறு எந்த இடம் பொருத்தம்?

ரங்கூனில் இன்வெர்ட்டரும் சோலாரும் மாட்டுவதுதான் என் பிழைப்பு. பர்மியர்கள் "சயா" என்று கூப்பிடுவார்கள். வாத்தியாருக்கும் அதே சொல், மெக்கானிக்குக்கும் அதே சொல். இரண்டாவது வேலையைச் செய்துகொண்டு முதல் வேலையில் கோட்டை விட்ட கதைதான் இது.

பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தனியாக இருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்பினார், நான் மாட்டினேன். அண்ணனுக்கு வைபரில் அதே தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் மின்சாரம் போகும்போது சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அவர் இல்லையே.

இரண்டு நாளில் பெரியம்மா போன் செய்தார். "ஏய்யா, ஃபேன் போடலாமா கூடாதா?" அவ்வளவுதான் கேள்வி. என் தாளில் ஏழு விவரங்கள் இருந்தன. இந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். போகும் வழியில் யோசித்தது இதுதான்: இவர் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எந்தெந்த முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும்? எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். எதை எதை ஒரே நேரத்தில் போடலாம். எவ்வளவு நேரம் போடலாம். எப்போது நிறுத்த வேண்டும். தாளில் இருந்த சி-டென் என்பது, அந்த 200 என்ற கொள்ளளவு பத்து மணி நேரத்தில் மெதுவாக இறக்கி அளந்தது என்று சொல்லும் குறிப்பு. பேட்டரி வாங்கும்போது எனக்கு அது வேண்டும். பெரியம்மாவின் மூன்று முடிவுகளில் எதையும் அது மாற்றாது. அதனால் அதற்கு எளிய தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை, அடித்துவிட்டால் போதும். பவர் ஃபேக்டரும் அப்படித்தான் போயிற்று. ஒரு கே.வி.ஏ. என்ற ஆயிரத்தை 0.8 ஆல் பெருக்கி, "இந்தப் பெட்டி 800 வாட் வரைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

ஆனால் 200 ஆம்பியர்-அவரை அடிக்க முடியாது. நாளைக்குப் பேட்டரி மாற்றப் போனால் கடைக்காரன் "இருநூறா, நூற்றைம்பதா?" என்றுதான் கேட்பான். பேட்டரியின் நெற்றியிலேயே அச்சடித்திருக்கிறது. வெளியே போனால் காதில் விழப்போகும் சொல்லை வீட்டுக்குள் மறைத்துவைத்தால் கடையில் ஏமாந்து நிற்பார். ஆகவே அது இருக்கட்டும், ஆனால் அவருக்குத் தெரிந்த ஒன்றோடு கட்டிப்போட வேண்டும்.

தெரிந்தது எது? யூனிட். மாதாமாதம் கரண்ட் பில்லில் யூனிட் எத்தனை என்று பார்த்துத்தான் பெரியம்மா பணம் கட்டுகிறார். பர்மிய மொழியிலும் யூனிட்தான். புத்தகங்கள் இதையே கிலோவாட்-மணி என்று சொல்லும். நான் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை. 12 வோல்ட்டையும் 200ஐயும் பெருக்கினால் 2,400, அதாவது 2.4 யூனிட். "பெரியம்மா, 200ன்னு எழுதியிருக்கே, அது உள்ள ரெண்டே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்குன்னு அர்த்தம்" என்றேன். "அவ்வளவுதானா? இம்மாம் பெரிய பெட்டியில?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டி 60 கிலோ இருக்கும். பெரியம்மா கணக்கில் சொன்னால் சுமார் 37 வீசை. (இங்கே சந்தையில் வெங்காயம் முதல் மீன் வரை இன்னும் வீசைக் கணக்குத்தான், ஒரு வீசை 1.63 கிலோ. வீசை என்ற பெயர் நம் ஊரில் இருந்ததுதான். ஊரில் அதை மறந்துவிட்டார்கள்.) 37 வீசை ஈயத்தைச் சுமந்து இரண்டரை யூனிட்கூட இல்லை என்பது அவருக்கு அன்று தெரிந்தது. "இதுல அயர்ன் பாக்ஸ் போட முடியாதுல்ல" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியம் வந்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது.

அந்த உற்சாகத்தில்தான் தொட்டியைக் கொண்டுவந்தேன்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லா வீட்டிலும் உண்டு. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது யூனிட். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது வாட். ஒரு குழாய் நூறு வாட் என்று வைத்தால், எட்டு குழாயை ஒன்றாகத் திறக்கலாம், ஒன்பதாவதைத் திறந்தால் பெட்டி கத்தும், அதுதான் அந்த 800. குழாயை அகலமாகத் திறந்தால் தொட்டி சீக்கிரம் காலி. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, தாளில் டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ் என்று எழுதியது இதைத்தான், அடியில் வண்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் தொட்டி தானாக நிரம்பும்.

பெரியம்மாவுக்குக் கச்சிதமாகப் புரிந்தது. கணக்கையும் சேர்ந்தே போட்டோம். 9 வாட் பல்பு நான்கு, 36. ஃபேன் இரண்டு, 140. டிவி 70. வைஃபை பெட்டி 10. மொத்தம் 256 வாட். நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் சொச்சம். பேட்டரியில் பாதி என்றால் 1.2 யூனிட், அதில் இன்வெர்ட்டர் தன் கூலியாகச் சுமார் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஒரு யூனிட். பொருத்தம் பார்த்ததுபோல் உட்கார்ந்தது. எங்கள் பேட்டையில் அந்த மாதங்களில் நான்கு மணி நேரம் மின்சாரம் இருக்கும், அடுத்த நான்கு மணி நேரம் இருக்காது. ஆக, போகிற நேரம் முழுக்க எல்லாம் ஓடும். பெரியம்மா பக்கத்து வீட்டு பர்மிய அம்மாவுக்கே தொட்டி, குழாய் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஏழாவது மாதம் போன் வந்தது. "ஏய்யா, ஒன்றரை மணி நேரத்துல கத்துது."

போய்ப் பார்த்தேன். ஹைட்ரோமீட்டர் என்று ஒன்று உண்டு, ஊசி போடும் குழாய் போல இருக்கும். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ஆசிட் தண்ணீரை உறிஞ்சினால் அதற்குள் ஒரு மிதவை மிதக்கும். ஆசிட் கனமாக இருந்தால் மிதவை உயரும், அதாவது பேட்டரி நிறைந்திருக்கிறது. இந்த வகை டியூபுலர் பேட்டரி நன்றாக நிறைந்திருந்தால் ஆசிட்டின் கனம், தண்ணீரை ஒன்று என்று வைத்து, 1.240 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். அதற்கு முந்தைய மின்சார நேரம் முழுக்க சார்ஜ் ஏறியிருந்தும் இது 1.160ல் கிடந்தது. ஆறு அறையிலும் ஏறக்குறைய அதே கதை. ஒரு அறை மட்டும் விழுந்திருந்தால் பேட்டரியின் தயாரிப்புக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆறும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் அது வயிறு நிறையாத பேட்டரி.

"நான் நீ சொன்னபடிதான்யா செஞ்சேன்" என்றார் பெரியம்மா. உண்மைதான். மின்சாரம் போனால் கணக்குப் போட்டபடி இரண்டு ஃபேன், நான்கு பல்பு, டிவி. வந்தால் தொட்டி தானாக நிரம்பும் என்று நம்பினார். அதைச் சொன்னது நான்தான்.

தொட்டி எங்கே பொய் சொன்னது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு இடத்தில் சொல்லியிருந்தது.

முதலாவது, நிரம்பும் நேரம். தொட்டியை மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். பாதி இறங்கிய பேட்டரிக்கு 100 ஆம்பியர்-அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் 115 ஆவது உள்ளே போக வேண்டும். அந்த இன்வெர்ட்டர் மணிக்கு 15தான் ஏற்றும். எட்டு மணி நேரம் ஆயிற்றா? அதுவும் முழு வேகத்தில் ஏறினால்தான். கடைசிக் கால்பங்கில் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும், ஆகவே பத்து மணி நேரம் என்று வைப்பதுதான் நியாயம். நமக்குக் கிடைத்ததோ நான்கு மணி நேரம். அதில் ஏறியது நிகரமாக ஐம்பது. நூறு எடு, ஐம்பது போடு, மறுபடி எடு. இந்தக் கணக்குக்குப் பேட்டரிப் படிப்பே வேண்டாம், மளிகைக்கடை நோட்டுப் போதும். என் தாளில் "சார்ஜிங் கரண்ட் 15 ஆம்பியர்" என்ற வரி இந்தச் செய்தியைத்தான் தூக்கிக்கொண்டு நின்றது. கடினமான சொற்களைக் களைகிறேன் என்று சி-டென்னோடு சேர்த்து அதையும் களைந்துவிட்டேன்.

இரண்டாவது பொய் இன்னும் மோசமானது. அரைத் தொட்டித் தண்ணீர் ஆறு மாதம் அப்படியே இருந்தாலும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஈய பேட்டரிக்கு ஆகும். மின்சாரம் இறங்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஒரு வெள்ளை உப்பு படியும். சார்ஜ் ஏறும்போது அது கரைந்து ஆசிட்டுக்கே திரும்பும். வாரக்கணக்கில் கரையாமல் விட்டுவிட்டால் கெட்டியான படிகமாக வளர்ந்துவிடும். சர்க்கரையை உடனே கலக்கினால் கரையும், அதுவே கற்கண்டாகிவிட்டால் கரண்டியால் தட்ட வேண்டும், அந்த மாதிரி. படிகம் மூடிய இடத்தில் தகடு வேலை செய்யாது. 200 என்று எழுதிய பேட்டரி 80 ஆகிவிடும், ஆனால் நெற்றியில் 200 என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருக்கும்.

மறுநாள் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். உவமை எதுவும் கையில் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். "பெரியம்மா, நான் சொன்ன தொட்டி தப்பு. இது பாதியைத்தான் தரும். அந்தப் பாதியை எடுத்தா திரும்ப முழுசா கொடுக்கணும். கொடுக்க நேரமாகும், கடைசியில இன்னும் மெதுவாத்தான் வாங்கிக்கும். அரைகுறையா கொடுத்துக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிற சக்தியே சுருங்கிடும், அப்புறம் நிறைய கொடுத்தாலும் பழையபடி வராது."

பெரியம்மா கொஞ்ச நேரம் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாடுன்னு சொல்லேன்யா" என்றார்.

அவருடைய இளம்வயது பெகு பக்கத்தில் ஒரு கிராமத்தில் போயிற்று. அப்பா மாடு வைத்திருந்தார், பால் கறந்து ஊற்றிய குடும்பம். அவர் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மடியில் இருக்கிறதை எல்லாம் கறக்கக் கூடாது, கன்றுக்கு விட வேண்டும். கறந்தால் தீனி போட வேண்டும். தீனியைக் கொட்டினால் ஆயிற்றா, அது தின்ன வேண்டும், தின்றதை அசை போட வேண்டும், அதற்கு நேரம் வேண்டாமா? அசை போடும்போது போய்க் கிளப்பினால் தின்றது உடம்பில் ஒட்டாது. அரைத்தீனி போட்டு முழுப்பால் கறந்தால் ஒரு மாதம், இரண்டு மாதம் கொடுக்கும், அப்புறம் மடி வற்றிவிடும். வற்றிய மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டையையே அவிழ்த்துக் கொட்டினாலும் அந்த ஈற்றுக்குப் பால் திரும்பாது.

ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். கன்றுக்கு விடுவது அந்த ஐம்பது சதவீதம். அசை போடும் நேரம் அந்தக் கடைசிக் கால்பங்கு. மடி வற்றுவது தகட்டில் படிந்த கற்கண்டு. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கடைசிக் கால்பங்கு ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதை இவ்வளவு அழகாக நான் யாருக்கும் சொன்னதில்லை. விளக்கம் கேட்க வந்தவரிடம் ஏற்கெனவே ஒரு படிப்பு இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தொட்டி நான் என் வசதிக்குக் கொண்டுபோனது. மாடு அவர் வீட்டிலேயே கட்டியிருந்தது.

ஆனால் ஒரு தரம் சூடு கண்டவன் நான். இந்த மாடு எங்கே பொய் சொல்லும் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்துச் சொன்னேன். "பெரியம்மா, மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கலாம், இதுக்குக் கூடாது. மூடியில தண்ணி மட்டம் காட்டற மிதவை கீழ போனா டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் மட்டும்தான். குழாய்த் தண்ணி கூடாது, ஆசிட்டும் ஊத்தக் கூடாது. அப்புறம், மாடு ஏப்பம் விட்டா ஒண்ணும் இல்ல. இது நிறையும் நேரத்துல விடற காத்து தீப்பிடிக்கும்." இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பேட்டரி இருந்தது சாமி அலமாரிக்கு நேர் கீழே. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மாட்டும்போது அலமாரி அங்கே இல்லை, பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள். என் தாளில் "காற்றோட்டமான இடம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால்கூட அவர் அலமாரியை நகர்த்தியிருக்கத்தான் செய்வார். ஏன் என்று சொல்லாத விதி வீட்டில் நிற்காது. அன்றே பேட்டரியைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு இழுத்தோம். 37 வீசையை இழுத்ததில் என் இடுப்பு ஒரு வாரம் பேசவில்லை.

பேட்டரியைத் தெரிந்த கடையில் கொடுத்து, குறைந்த கரண்டில் மூன்று நாள் விடாமல் சார்ஜ் போடச் சொன்னேன். 1.200 வரைக்கும் ஏறி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வற்றின மடிதான், இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

அப்புறம் புதுக் கணக்கு. இந்த முறை எவ்வளவு எடுக்கலாம் என்பதிலிருந்து தொடங்காமல் எவ்வளவு போட முடியும் என்பதிலிருந்து தொடங்கினோம். நான்கு மணி நேரத்தில் நிகரமாக ஏறுவது 50 ஆம்பியர்-அவர், அதாவது 0.6 யூனிட். இன்வெர்ட்டர் கூலி போக அரை யூனிட். ஒரு ஃபேன், இரண்டு பல்பு, வைஃபை, சேர்த்து 98 வாட், நான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 0.4 யூனிட். மிச்சத்தில் டிவி ஒன்றரை மணி நேரம். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் கறவையே கிடையாது. அன்று மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், வந்தால் போட வேண்டும். அன்றைக்கு மூன்று முறை நான்கு மணி நேரம் தீனி மட்டும் உள்ளே போகும், வயிறு நிறையும். பெரியம்மா அதற்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். எப்படியும் விளக்கேற்றி உட்காரும் நாள், ஃபேன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

"புரிஞ்சுதா பெரியம்மா?" என்று கேட்கவில்லை. முன்பு தொட்டியைச் சொல்லிவிட்டு அப்படிக் கேட்டபோது "நல்லா புரிஞ்சுதுய்யா" என்றார், நானும் நம்பினேன். இந்த முறை வேறு மாதிரி கேட்டேன். "இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போகுது, ரெண்டு மணியிலிருந்து நாலு மணி நேரம் இருக்க வேண்டியது, நடுவுல ரெண்டு மணி நேரம் வரவே இல்ல. என்ன செய்வீங்க?" பெரியம்மா யோசித்தார். "அரைத்தீனிதானே தின்னிருக்கு. டிவி கிடையாது. ஃபேனைப் படுக்கும்போது போட்டுக்கறேன்." நான் சொல்லிக்கொடுக்காத ஒரு சூழ்நிலைக்கு அவரே பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தேன்.

கடினமான சொற்களைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்குப் படுகிறது. சி-டென் என்ற சொல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அது தொழில்காரன் சொல் என்று. வழுக்கிவிடுவது சாதாரணச் சொல் மாதிரி நடிக்கும் சொற்கள்தான். "ஃபுல்" என்பது அப்படிப்பட்டது. பல இன்வெர்ட்டர்களில் பச்சை விளக்கு எரிவது பேட்டரியின் வோல்டேஜ் ஒரு அளவைத் தொட்டுவிட்டது என்பதற்காக. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் எப்போதுமே கொஞ்சம் உப்பித்தான் காட்டும். நாம் அதைப் பார்த்து ஃபுல் என்கிறோம். பெரியம்மா வீட்டிலும் பச்சை விளக்கு தினமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் இப்போது "பச்சை விளக்கு எரிஞ்சா தின்னுட்டுதுன்னு அர்த்தம், அசை போட்டுட்டுதுன்னு அர்த்தம் இல்ல" என்கிறேன்.

"நாலு மணி நேரம் பேக்கப்" என்பது இன்னொன்று. ஒரு டீக்கடைக்காரர் எங்கேயோ வாங்கிய இன்வெர்ட்டரோடு என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார், நாலு மணி நேரம் என்று சொல்லி விற்றார்களாம், ஒரு மணி நேரம்கூட வரவில்லையாம். போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ், ஐந்து ஃபேன், சாமான் கழுவத் தண்ணீர் இறைக்கும் மோட்டார். விற்றவர் சொன்ன நான்கு மணி நேரம் இரண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் உண்டானது. "மணி நேரம்" என்ற சொல்லில் எந்த மர்மமும் இல்லை, குழந்தைக்கும் தெரியும். எதை ஓட்டினால் என்ற கேள்வியை அது விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். அவரிடம் மாடும் செல்லாது, தொட்டியும் செல்லாது. அவருக்குப் பால் டின் கணக்குத்தான் சரியாக வந்தது. ஒரு டின்னில் இத்தனை கப் டீ, கெட்டியாகப் போட்டால் கப் குறையும். "அப்போ நான் கெட்டி டீ போட்டுட்டு இருந்திருக்கேன்" என்றார். மோட்டாரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும். பெட்டி கத்தியது அதனால்தான். டீயில் அதற்கு உவமை இல்லை. தேடவும் இல்லை. "கிளப்பும்போது மட்டும் நிறைய கேக்கும், அதனால அதை இதுல கிளப்பாதீங்க" என்று நேராகச் சொன்னேன், போதுமாக இருந்தது.

அண்ணனுக்கும் நடந்ததை எழுதினேன். ஏழு மாதத்துக்கு முன் கட்டைவிரல் அனுப்பியவர் இப்போது "டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ் என்றால் என்னடா?" என்று கேட்டார். அவருக்கும் புரிந்திருக்கவில்லை. கேட்க வெட்கப்பட்டிருக்கிறார். பெரியம்மாவாவது சாமி முன்னால் வைத்தார்.

போன வருடம் அந்தப் பேட்டரி ஒருவழியாகப் படுத்துவிட்டது. அண்ணன் இந்த முறை லித்தியம் வாங்கச் சொன்னார், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. விலை கூடுதல், எடை பாதிகூட இல்லை. இன்வெர்ட்டரின் சார்ஜ் அமைப்பையும் அதற்கேற்ப மாற்றினேன். இதில் எண்பது தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம். பாதியில் கிடந்தால் கெடாது, உண்மையில் எப்போதும் நிறைத்தே வைப்பதைவிட நடுவில் இருப்பதுதான் இதற்குச் சுகம். ஏறக்குறைய கடைசிவரை ஒரே வேகத்தில் ஏறும், அசை போடுவதெல்லாம் கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரே ஒரு விஷயம், பழைய பேட்டரி போல மங்கி, முனகி, கத்திச் சொல்லாது. உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் ஒரு எல்லை வந்ததும் சட்டென்று துண்டித்துவிடும்.

இதைப் பெரியம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று வண்டியில் போகும்போதே பயம். மாட்டை அவ்வளவு நன்றாகப் படித்துவைத்திருக்கிறார், அதை இப்போது மறக்கச் சொல்ல வேண்டும். அவரோ வெள்ளிக்கிழமை கறவை நிறுத்துவதை ஒரு விரதமாகவே ஆக்கிவிட்டார்.

மாட்டி முடித்து, வயரை முறுக்கிவிட்டு எழுந்தேன். பெரியம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், ஒரு பக்கமாகத் தூக்கியும் பார்த்தார். தெருவில் "மீ லாபீ!" என்று பிள்ளைகள் கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் வேகமெடுத்தது. பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏய்யா, இது பசுவா, தொட்டியா?"

"தொட்டி பெரியம்மா. ஆனா அடியில காவக்காரன் ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"அவனுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.